வல்புரோயேட் எடுக்கும் எமது பெண் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

எமது மகளுக்கு இந்த விடயத்தை முதன்முதலில் சொன்னவர் ஒரு வலிப்பு நோய்த் தாதி. அப்போது அவளுக்கு வயது இருபத்துநான்கு. பதினைந்து வயதிலிருந்து அவள் அந்தக் குளிசையை எடுத்துக்கொண்டிருந்தாள். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் எத்தனையோ தடவை மருந்துச் சீட்டு எழுதப்பட்டது. ஒருவரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. நாம் கணக்காளர். மருத்துவம் படித்தவரல்லர். ஆனால் அதன் பிறகு நாமும் மனைவியும் தேடி வாசித்து, நிபுணரிடம் கேட்டுத் தெளிந்தவற்றை, மகளின் அனுமதியுடன் இங்கே எழுதுகிறோம். நார்த்மீட், வென்ட்வேர்த்வில், டூங்காபி என்று நாம் செறிந்து வாழும் இந்தப் பகுதிகளில் இதே குளிசை இன்னும் எத்தனையோ வீடுகளின் அலுமாரியில் இருக்கும்.

மருந்தின் பெயர் சோடியம் வல்புரோயேட். இங்கும் இலங்கையிலும் ‘எபிலிம்’ என்ற பெயரில் பலருக்குத் தெரியும். இந்தியாவிலிருந்து வருபவர்கள் ‘வால்பரின்’, ‘என்கோரேட்’ என்ற பெயர்களில் கொண்டு வருவார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் என்ன பெயர் இருந்தாலும், கீழே சிறிய எழுத்தில் வல்புரோயேட் அல்லது வல்புரோயிக் அமிலம் என்று இருந்தால் அது இந்த மருந்துதான். வலிப்புக்கு மட்டுமல்ல, இருதுருவ மனநிலை நோய்க்கும் சிலருக்கு ஒற்றைத் தலைவலிக்கும் இதைக் கொடுப்பதுண்டு. ஆகவே “எங்கள் பிள்ளைக்கு வலிப்பு இல்லையே” என்று கடந்துபோகவும் முடியாது.

முதலில் இந்த மருந்துக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இது நல்ல மருந்து. எமது மகளுக்கு வந்தது, பதின்ம வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு. காலையில் எழும்பியவுடன் கை திடீரென்று உதறும். தேநீர்க் கோப்பை கையிலிருந்து பறந்து விழும். கவனயீனம் என்று நாம் பல தடவை ஏசியிருக்கிறோம். பிறகு ஒரு சோதனைக் காலத்தில், இரவிரவாக விழித்திருந்து படித்த மறுநாள் காலை, பெரிய வலிப்பு வந்தது. இந்த வகை வலிப்பை அடக்குவதில் வல்புரோயேட்டுக்கு நிகரான மருந்து இன்னும் இல்லை. பிரித்தானியாவில் நடந்த ‘சனாட்’ என்ற ஆய்வு 2007இல் இதை லாமோட்ரிஜின் என்ற மருந்தோடு ஒப்பிட்டது. அதன் இரண்டாம் ஆய்வு 2021இல் லெவெட்டிராசிட்டாம் என்ற மருந்தோடு ஒப்பிட்டது. இரண்டிலும் இவ்வகை வலிப்புகளை அடக்குவதில் வல்புரோயேட்டே முன்னுக்கு நின்றது. காலை 500, இரவு 500, ஆக நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் எடுத்த எமது மகளுக்குப் பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு வலிப்பும் வரவில்லை. பல்கலைக்கழகம் போனாள், கார் ஓட்டினாள், வேலைக்குச் சேர்ந்தாள். அதனால்தான் யாரும் அந்த மருந்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சிக்கல், அவள் வயிற்றில் ஒரு குழந்தை உருவாகும்போது தொடங்குகிறது. 1982இல் பிரான்சின் லியோன் நகரில் எலிசபெத் றொபேர்ட் என்ற ஆய்வாளர், முள்ளந்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைகளின் தாய்மாரில் வல்புரோயேட் எடுத்தவர்கள் வழமைக்கு மாறாக அதிகம் இருப்பதைக் கண்டு வெளியிட்டார். ஸ்பைனா பைஃபிடா என்று இங்கு சொல்வது அந்தக் குறையைத்தான். முதுகெலும்பு மூடாதிருப்பதால் கால்கள் செயலிழக்கலாம், சிறுநீர் கட்டுப்படாமல் போகலாம். பொதுவாக ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு வரக்கூடிய இந்தக் குறை, வல்புரோயேட் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் வருகிறது. இதயக் குறைகள், அண்ணப் பிளவு, ஆண் குழந்தைகளில் சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருத்தல் ஆகியனவும் கூடுகின்றன.

எல்லா வகைப் பிறவிக் குறைகளையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இப்படி வரும். எந்த மருந்தும் எடுக்காத தாய்மாருக்கே நூறு பிள்ளைகளில் இரண்டு, மூன்று பேருக்குப் பெரிய குறை ஒன்று இருக்கும். ‘யூராப்’ என்ற பன்னாட்டுப் பதிவேடு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, வல்புரோயேட் மட்டும் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் அது நூற்றுக்கு 10க்குச் சற்று மேல். அளவைப் பொறுத்து இது மாறும். நாளுக்கு 650 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ என்றால் நூற்றுக்கு 6, அதற்கு மேல் 1450 வரை என்றால் 11, அதையும் தாண்டினால் 25. அதே பதிவேட்டில் லாமோட்ரிஜின், லெவெட்டிராசிட்டாம் இரண்டும் நூற்றுக்கு 3க்குள் நின்றன. எமது மகள் 1000 மில்லிகிராம். அவள் 11 என்ற வரிசையில் நின்றாள்.

பிறக்கும்போதே கண்ணுக்குத் தெரிபவை இவை. தெரியாத ஒன்றும் உண்டு. பிள்ளையின் மூளை வளர்ச்சியையும் இந்த மருந்து பாதிக்கிறது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், கருவில் வல்புரோயேட் பட்ட பிள்ளைகளின் அறிவுத்திறன் ஆறு வயதில் சராசரி 97. வேறு வலிப்பு மருந்துகள் பட்ட பிள்ளைகளுக்கு அது 105 முதல் 108 வரை. அதே ஆண்டு டென்மார்க்கில் வெளியான கணக்கில், ஓட்டிசம் சார்ந்த நிலைகள் பொதுவாக நூற்றுக்கு ஒன்றரை அளவில் இருக்க, வல்புரோயேட் பட்ட பிள்ளைகளில் நாலரைக்குக் கிட்ட இருந்தன. கர்ப்ப காலத்தின் இருபதாவது வாரத்து ஸ்கான் முள்ளந்தண்டைக் காட்டும், இதயத்தைக் காட்டும். இதைக் காட்டாது. பிள்ளை பேசத் தாமதித்து, பள்ளிக்கூடம் போய்ப் பின்தங்கும்போதுதான் தெரியவரும்.

இந்தக் கணக்குகளில் ஒரு பங்கு நாம் வாழும் இந்த நாட்டிலிருந்தும் வந்தது என்பதைப் பலர் அறியார். மெல்பேர்னைத் தளமாகக் கொண்ட அவுஸ்திரேலிய வலிப்பு மருந்துக் கர்ப்பப் பதிவேடு 1999 முதல் பெண்களைப் பதிவு செய்து வருகிறது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் கர்ப்பிணி தானாகவே சேரலாம். தொலைபேசியில் பேசி விபரம் எடுப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகும் தொடர்ந்து விசாரிப்பார்கள். வல்புரோயேட்டின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்பதையும், நாளுக்கு 1100 மில்லிகிராமைத் தாண்டும்போது அது கடுமையாக ஏறுகிறது என்பதையும் முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் இவர்களும் அடங்குவர். பிற்காலத்தில், வைத்தியர்கள் அளவைக் குறைத்து எழுதத் தொடங்கியதோடு முள்ளந்தண்டுக் குறையும் குறைந்து வந்ததை 2013இல் அதே பதிவேடு காட்டியது. இதை நடத்தியவர் பேராசிரியர் ஃபிராங்க் வைடா. 1944இல் புடாபெஸ்ட் நகரில் யூதச் சிறுவனாக இருந்தபோது ராவுல் வாலன்பெர்க் என்ற சுவீடன் நாட்டு இராஜதந்திரியால் உயிர் தப்பியவர். அகதியாக வந்த ஒருவர் கட்டியெழுப்பிய பதிவேட்டில் எமது பெண்களுக்கான எச்சரிக்கை இருந்தது. அது எமது வீட்டுக்கு வந்து சேரத்தான் நாட்கள் எடுத்தன.

இனி, இந்தக் கட்டுரையை நாம் எழுதக் காரணமான கேள்விக்கு வருவோம். “பிள்ளை தங்கினால் அப்போது மருந்தை மாற்றலாமே, கலியாணமாகாத பிள்ளையிடம் இதை ஏன் இப்போதே பேச வேண்டும்?” எமது வீட்டில் மனைவி கேட்ட கேள்வி இதுதான். நாட்களை எண்ணிப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

கரு உண்டான நாளை முதலாம் நாள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டுமாக மாறப்போகும் குழாய் 28ஆம் நாளளவில் மூடிவிடும். மூடவேண்டிய நேரத்தில் மூடாவிட்டால் பிறகு மூடாது. மாதவிலக்கு வரவில்லை என்பதே தெரியவருவது ஏறத்தாழ 14ஆம் நாளில். “இரண்டு மூன்று நாள் பிந்துவது வழமைதானே” என்று ஒரு வாரம் போனால் 21. மருந்துக்கடையில் சோதனைக் கருவி வாங்கிப் பார்த்து, குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுத்துப் போனால் 25. அவர் நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் எழுதுவார். நிபுணரைப் பார்க்கக் கிடைப்பது வாரங்கள், சில வேளை மாதங்கள் கழித்து. அதற்குள் 28ஆம் நாள் எப்போதோ போய்விட்டிருக்கும். மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்ணென்றால் சோதனை செய்யும் எண்ணமே அதற்குப் பிறகுதான் வரும்.

சரி, செய்தி தெரிந்த அன்றே குளிசையை நிறுத்திவிட்டால்? அது இன்னும் ஆபத்து. வல்புரோயேட்டைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு கட்டுக்கடங்காமல் திரும்பலாம். விடாமல் தொடரும் வலிப்பு தாயின் உயிரையும் எடுக்கும், பிள்ளையின் உயிரையும் எடுக்கும்.

வேறு மருந்துக்கு மாறுவதும் ஒரு நாளில் முடிவதல்ல. உதாரணத்துக்கு லாமோட்ரிஜினை எடுப்போம். வல்புரோயேட் உடலில் இருக்கும்போது லாமோட்ரிஜின் வெளியேறுவது மந்தமாகி, இரத்தத்தில் அதன் அளவு இரட்டிப்பாகிறது. வேகமாகக் கூட்டினால் தோல் உரியும் கடுமையான ஒவ்வாமை வரலாம். அதனால் ஒன்றுவிட்ட ஒரு நாளைக்கு 25 மில்லிகிராம் என்று இரண்டு வாரம், பிறகு தினமும் 25 என்று இரண்டு வாரம் என மெல்ல ஏற்றுவார்கள். அதன் பிறகுதான் வல்புரோயேட்டைப் படிப்படியாக இறக்குவார்கள். ஆகவே மாற்றம் மாதக்கணக்கு வேலை. புதிய மருந்தில் வலிப்பு நிற்கிறதா என்று பார்க்க மேலும் மாதங்கள் வேண்டும். இவ்வளவும் கரு உண்டாவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். அது முடியும்வரை கரு உண்டாகாமல் காப்பது எதுவோ, அதுதான் கருத்தடை. இந்த மருந்து எடுக்கும் பெண்ணுக்கு அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி.

எந்தக் கருத்தடை என்பதிலும் கவனம் தேவை. ஆணுறையை மட்டும் நம்பியிருக்கும் நூறு பெண்களில் ஓராண்டில் 13 பேரளவில் கருத்தரிக்கிறார்கள். கருத்தடைக் குளிசையில், மறதியையும் சேர்த்துப் பார்த்தால் 7 பேர். கருப்பைக்குள் வைக்கும் லூப், மேற்கைத் தோலின் கீழ் வைக்கும் சிறு குச்சி ஆகியவற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆகையால்தான் நிபுணர்கள் பிந்திய இரண்டையும் முன்வைக்கிறார்கள். வேண்டும்போது எடுத்துவிடலாம், பிறகு பிள்ளை பெறத் தடையில்லை. வல்புரோயேட் கருத்தடைக் குளிசையின் பலத்தைக் குறைப்பதில்லை. ஆனால் கார்பமசெபின், பெனிட்டோயின் போன்ற வேறு வலிப்பு மருந்துகள் கருத்தடைக் குளிசையின் பலத்தையும் கைக்குச்சியின் பலத்தையும் குறைத்துவிடும். லாமோட்ரிஜினோ எதிர்மாறு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடைக் குளிசை லாமோட்ரிஜினின் அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும், அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். ஆகவே மருந்து மாறும்போது கருத்தடையையும் சேர்த்தே திரும்பப் பார்க்க வேண்டும். லூப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை.

எமது வீட்டில் இது எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறோம். மகளுக்குப் பதினெட்டு வயதானதும் சிறுவர் பிரிவிலிருந்து விடுவித்தார்கள். அதன் பிறகு வலிப்பு இல்லாததால் நிபுணரிடம் போகவில்லை. குடும்ப வைத்தியர் மருந்துச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் தாயும் மகளும் சேர்ந்தே உள்ளே போனார்கள். அம்மா பக்கத்தில் இருக்க, கலியாணமாகாத தமிழ்ப் பிள்ளையிடம் கருத்தடை பற்றிக் கேட்க அந்த வைத்தியர் தயங்கியிருக்கலாம். கேட்டிருந்தால் நாமே கோபித்திருப்போம் என்பதுதான் உண்மை.

பிறகு கலியாணப் பேச்சு வந்தது. குறிப்பு பொருந்தியது. வலிப்பைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா என்ற கேள்வி எழுந்தது. “இப்போதுதான் ஒன்றும் இல்லையே, குளிசையை நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியும்?” என்று உறவினர் ஒருவர் ஆலோசனை சொன்னார். எமது சமூகத்தில் இந்த ஆலோசனை புதிதல்ல. நிறுத்தலாமா என்று கேட்கவே நிபுணரிடம் போனோம். அங்கே அந்தத் தாதி எம்மிருவரையும் பார்த்து, “கொஞ்ச நேரம் வெளியே இருங்கள்” என்றார். மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது நிமிடம் கழித்து மகள் வெளியே வந்து எம்மிடம் கேட்டாள், “அப்பா, உங்களுக்கு இது தெரியுமா?”

நிபுணர் லெவெட்டிராசிட்டாமைச் சேர்த்தார். லாமோட்ரிஜின் சிலருக்குக் காலை நேரக் கையுதறலைக் கூட்டக்கூடும் என்பதால் அதைத் தவிர்த்தார். புதிய மருந்து போதிய அளவுக்கு வந்த பிறகு வல்புரோயேட்டைப் படிப்படியாக இறக்கினார். முழுதாக நிற்க நான்கு மாதங்கள் எடுத்தன. நிபுணர் அனுமதிக்கும்வரை மகள் கார் ஓட்டவில்லை, வேலைக்கு நாமே ஏற்றி இறக்கினோம். ஒவ்வொரு காலையும் அவள் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்போம். முதல் மாதங்களில் எரிச்சலும் கோபமும் வந்தன. அது புதிய மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு. மெல்லத் தணிந்தது. வலிப்பு வரவில்லை. அந்தக் கலியாணப் பேச்சு நின்றுபோனது. உண்மையைச் சொன்னோம், அவர்கள் விலகினார்கள். கருத்தடையாக எதைத் தெரிவு செய்தாள் என்று மகளிடம் நாம் கேட்கவில்லை. அது அவளுக்கும் அந்தத் தாதிக்கும் இடையிலானது.

எல்லோருக்கும் இப்படி மாற்ற முடியும் என்று சொல்லமாட்டோம். வேறு மருந்துகள் எல்லாம் தோற்று, வல்புரோயேட்டில் மட்டுமே வலிப்பு அடங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளை பெற விரும்பினால், வலிப்பை அடக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று நிபுணர் முன்கூட்டியே கண்டறிவார். 1000இல் இருப்பவர் 600க்கு இறங்க முடிந்தால் ஆபத்து 11இலிருந்து 6க்கு வருகிறது. அதுவும் பெரிய வித்தியாசம்தான், ஆனாலும் 3 அல்ல. போலிக் அமிலத்தை உயர்ந்த அளவில், வழமையாக 5 மில்லிகிராம், கரு உண்டாகுமுன்பே தொடங்கச் சொல்வார்கள். அது நல்லது, ஆனால் வல்புரோயேட்டின் ஆபத்தை அது நீக்கிவிடாது. “போலிக் எடுக்கிறாள்தானே” என்று ஆறுதலடைய முடியாது. எண்களை முன்னால் வைத்துத் தெரிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெண்.

பிரித்தானியாவில் 1973இலேயே, வலிப்பு மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வைத்தியர்களுக்கு மட்டும் போகட்டும், நோயாளிகள் கையில் கிடைக்க வேண்டாம் என்று அதிகாரிகள் முடிவெடுத்ததைப் பழைய ஆவணங்கள் காட்டின. பாதிக்கப்பட்ட தாய்மார் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018இல் அங்கே விதி வந்தது. கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்ணுக்கு வல்புரோயேட் கொடுப்பதானால் நம்பகமான கருத்தடை இருக்க வேண்டும், ஆண்டுக்கொரு முறை நிபுணர் பார்க்க வேண்டும், ஆபத்தை விளங்கிக்கொண்டதாக ஒரு படிவத்தில் இருவரும் கையொப்பமிட வேண்டும். 2020 ஜூலையில் வெளியான கம்பர்லெஜ் விசாரணை அறிக்கை, இத்தனை ஆண்டுகளாகப் பெண்களின் குரல் கேட்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்தது. அங்கே அதிகாரிகள் மறைத்தார்கள். எமது வீட்டில் வெட்கம் மறைத்தது. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வீட்டில் யாராவது இந்தக் குளிசையை எடுத்தால், நாளைக்கே நிறுத்த வேண்டாம். ஒரு வேளையைக்கூட விட வேண்டாம். நாளுக்கு எத்தனை மில்லிகிராம் என்று பெட்டியைப் பார்த்து எழுதுங்கள். குடும்ப வைத்தியரிடம் நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். மனநிலை நோய்க்காக எடுப்பவர் மனநல நிபுணரிடம் போகலாம். ஏற்கெனவே கர்ப்பமென்றால் குளிசையைத் தொடர்ந்தபடியே, இதை அவசரமாகச் சொல்லிப் பார்க்கக் கேளுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளர் கிடைப்பார். மகளுக்காகத் தாயோ தம்பியோ மொழிபெயர்க்க வேண்டாம், சில கேள்விகளுக்கு அவர்கள் முன் பதில் வராது.

அம்மாமாரிடமும் அப்பாமாரிடமும் ஒன்று கேட்கிறோம். மகள் வைத்தியரிடம் போகும்போது கூடப் போங்கள். பாதி நேரத்தில் எழுந்து வெளியே வந்து இருங்கள்.